நான்கு மணி நேரத்தில் திரும்பும் காய்ச்சல்

மழைக்காலத்தில் எந்த மருந்துக்கடை வாசலிலும் இதைக் கேட்கலாம்: "அண்ணே, பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு செட் மாத்திரை கொடுங்க." கடைக்காரர் இரண்டு மூன்று அட்டைகளை எடுத்து, ஓரத்தில் கத்தரித்து, துண்டுகளைச் சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார். உறையின் மேல் "காலை, இரவு" என்று எழுதியிருக்கும். மாத்திரையின் பெயர் அச்சிட்ட பக்கம் கடையில் மிஞ்சிய அட்டையோடு போய்விடும். வேளைக்கு மூன்று மாத்திரை இருந்தால் ஒன்று பெரும்பாலும் பாராசிட்டமாலாக இருக்கும், இன்னொன்று வயிற்றுக்கானதாக இருக்கும். மூன்றாவது எது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் சிக்கல் எல்லாம் இருக்கிறது.

அந்த மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். டெங்குவுக்கு வைரஸை அழிக்கும் மருந்து கிடையாது. அதனால் வீட்டில் கொடுக்கும் காய்ச்சல் மாத்திரை உடம்பின் அவஸ்தையைக் குறைப்பதற்கு மட்டும்தான். நோயின் போக்கை அது மாற்றாது. ஆனால் தவறான மாத்திரை போக்கை மாற்றக்கூடும், கெடுதலான திசையில். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபனும் டெங்குவில் கூடாது என்று மருத்துவமனைச் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏன் கூடாது, அந்தத் தடைக்கு எவ்வளவு சான்று இருக்கிறது, அவற்றுக்குப் பதிலாகச் சொல்லப்படும் பாராசிட்டமால் எந்த அளவு வரை பாதுகாப்பானது என்பவை அந்தச் சுவரில் இல்லை.

முதலில் ஆட்களை அடையாளம் காண்போம். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், மெஃபினமிக் அமிலம், நிமெசுலைடு, நப்ராக்ஸன் எல்லாம் ஒரே குடும்பம். காய்ச்சல், வலி, வீக்கம் மூன்றையும் அடக்கும் குடும்பம் இது. வீடுகளில் இவற்றை இந்தப் பெயர்களில் யாரும் அறிவதில்லை. டிஸ்பிரின் என்றால் ஆஸ்பிரின். புரூஃபன் என்றால் ஐபுப்ரோஃபன். காம்பிஃப்ளாமில் பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபனும் சேர்ந்திருக்கின்றன. வோவிரான் டைக்ளோஃபினாக். ஸீரோடால்-பி என்பதில் உள்ள 'பி' பாராசிட்டமாலைக் குறித்தாலும், கூட இருப்பது அசிக்ளோஃபினாக். குழந்தைகளுக்குக் கொடுக்கும் மெஃப்டால் சிரப்பில் இருப்பது மெஃபினமிக் அமிலம். "பாராசிட்டமால்தானே கொடுத்தேன்" என்று சொல்லும் தாயின் கையில் இருக்கும் பாட்டிலில் இரண்டாவது மருந்தும் இருக்கலாம். லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் வரும் சேர்மானத்தைப் படிக்க வேண்டும். அந்த வரியில் பாராசிட்டமால் தவிர வேறு பெயர் இருந்தால் அந்தப் பாட்டில் இந்தக் காய்ச்சலுக்கு ஆகாது. டோலோ, கால்பால், குரோசின் ஆகியவற்றின் வழக்கமான மாத்திரைகளில் பாராசிட்டமால் மட்டும் இருக்கும். அதே பெயர்களில் சளிக்கான கலவைகளும் விற்பதால் அவற்றிலும் அந்தச் சின்ன வரியைப் பார்க்காமல் விடக்கூடாது.

இந்தக் குடும்பம் செய்யும் வேலையைப் புரியவைத்தவர் பிரிட்டனின் ஜான் வேன். ஆஸ்பிரின் போன்றவை உடலில் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள்கள் உருவாவதைத் தடுக்கின்றன என்று 1971இல் அவர் காட்டினார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மூளையில் அந்தப் பொருள் குறைந்தால் காய்ச்சல் இறங்குகிறது. மூட்டில் குறைந்தால் வலி இறங்குகிறது. தொல்லை என்னவென்றால், இதே வழியில் வரும் பொருள்கள் உடலில் வேறு மூன்று இடங்களில் காவல் வேலை பார்க்கின்றன. டெங்கு தாக்குவதும் பெரும்பாலும் அந்த மூன்று இடங்களைத்தான்.

முதல் இடம் தட்டணுக்கள். ரத்தக்குழாயில் கீறல் விழுந்தால் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பவை இவை. ஒட்டிக்கொள்ள ஒன்றையொன்று அழைக்கும் வேதிப்பொருளை ஆஸ்பிரின் நிறுத்திவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, கெட்டுப்போன நொதியை அதனால் மறுபடி செய்துகொள்ள முடியாது. ஆகவே ஒரு தட்டணு ஆஸ்பிரினைச் சந்தித்துவிட்டால் அதன் ஆயுள் முழுக்க, அதாவது ஏழு முதல் பத்து நாள் வரை, அது செயலிழந்தது செயலிழந்ததுதான். இதயநோயாளிகளுக்குத் தினம் 75 மி.கி. என்ற சிறிய மாத்திரை போதுமானதாக இருப்பதும் இதனால்தான். ஐபுப்ரோஃபனின் தடை தற்காலிகமானது, மருந்து உடலை விட்டு நீங்க நீங்கத் தளரும். ஆனால் நாளுக்கு மூன்று வேளை கொடுக்கும்போது தளர நேரம் கிடைப்பதில்லை.

ஆரோக்கியமானவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். அவற்றில் ஒரு பங்கு முடங்கினாலும் எலும்பு மஜ்ஜை தினமும் புதியவற்றை அனுப்பிவிடும். டெங்குவில் மஜ்ஜையே சில நாள் மந்தமாகிவிடுகிறது, ரத்தத்தில் இருப்பவையும் வேகமாக அழிகின்றன. எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் கீழே, சிலருக்கு இருபதாயிரத்துக்கும் கீழே போகிறது. இருப்பதே கொஞ்சம் என்ற நிலையில் அந்தக் கொஞ்சத்தையும் முடக்குவது எவ்வளவு அபாயம் என்பது தனியாக விளக்கவேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது என்பதும் ஒரு தொல்லை. ஆய்வகம் தட்டணுக்களை எண்ணித்தான் சொல்கிறது. அவற்றில் எத்தனை வேலை செய்கின்றன என்று அந்த அறிக்கை சொல்லாது.

இரண்டாவது இடம் இரைப்பை. அமிலத்திலிருந்து அதைக் காக்கும் வழுவழுப்பான படலம் புரோஸ்டகிளாண்டின் தயவில் உருவாகிறது. நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் வாந்தி எடுக்கும் ஒருவரின் வெறும் வயிற்றில் டைக்ளோஃபினாக் விழுந்தால் அந்தப் படலம் மெலிகிறது. கறுப்பாகத் தார்போல மலம் போனால் அது உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளம். ஊசியாகவோ ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்தாகவோ கொடுத்தால் வயிற்றுக்குக் கேடில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. மருந்து ரத்தத்தில் கலந்தபிறகு எந்த வாசல் வழியாக வந்தது என்பதில் வேறுபாடு இல்லை. இலங்கையின் டெங்கு வழிகாட்டுதல்கள் டைக்ளோஃபினாக் சப்போசிட்டரியைத் தனியே பெயர் சொல்லி எச்சரிப்பது இதற்காகவே.

மூன்றாவது சிறுநீரகம். உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைத் தாங்கிப் பிடிப்பதும் இந்தப் பொருள்தான். டெங்குவின் மிகப் பெரிய ஆபத்து ரத்தக்கசிவு அல்ல, ரத்தநாளங்களின் சுவர் தளர்ந்து பிளாஸ்மா நீர் வெளியே கசிந்து ரத்த அழுத்தம் சரிவதுதான். அந்த வேளையில் சிறுநீரகத்தின் தாங்குகோலையும் பிடுங்கினால் அது தடுமாறும்.

குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது என்பதற்கு டெங்குவையும் தாண்டிய ஒரு காரணம் இருக்கிறது. ஆஸ்திரேலிய நோயியல் மருத்துவர் டக்ளஸ் ரே 1963இல் விவரித்த ஒரு நோய் அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. வைரஸ் காய்ச்சலிலிருந்து தேறிவரும் குழந்தைக்கு திடீரென்று வாந்தி, குழப்பம், மயக்கம் வரும், கல்லீரலும் மூளையும் பாதிக்கப்படும். வைரஸ் காய்ச்சலில் ஆஸ்பிரின் சாப்பிட்ட பிள்ளைகளிடம் இது கூடுதலாக வருவது பின்னர் தெரியவந்தது. அமெரிக்காவில் 1980களில் எச்சரிக்கை வந்தபிறகு இந்த நோய் வெகுவாகக் குறைந்துபோனது. நம்மூரில் வேறொரு மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு நிமெசுலைடு கொடுப்பதை இந்திய அரசு 2011இல் தடை செய்தது, காரணம் கல்லீரல். பெரியவருக்கு வாங்கிய கலவை மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது.

இனி சான்றைப் பற்றி நேர்மையாகப் பேசலாம். டெங்கு நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு ஐபுப்ரோஃபன் கொடுத்து எத்தனை பேருக்கு ரத்தம் கசிகிறது என்று பார்த்த பெரிய ஆய்வு எதுவும் இந்தத் தடைக்குப் பின்னால் நிற்கவில்லை. இருப்பவை நோயாளிப் பதிவேடுகளைப் பின்னோக்கிப் பார்த்த சிறிய ஆய்வுகள், மருந்து வேலைசெய்யும் விதம் பற்றிய அறிவு, மருத்துவர்களின் அனுபவம். டெங்கு நோயாளி ஒருவர் தெரியாமல் ஒரு காம்பிஃப்ளாம் சாப்பிட்டுவிட்டார் என்றால் அவருக்கு ரத்தம் கொட்டப்போகிறது என்று பொருளில்லை. பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த வேளையை நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் சொல்லிவிட்டு, கவனமாக இருந்தால் போதும். ஆனாலும் தடை சரியானது என்பதே என் முடிவு. வீட்டிலேயே ஒரு மாற்று மருந்து இருக்கும்போது, கூடுதல் லாபம் எதுவும் தராத ஆபத்தை ஏற்க வேண்டிய அவசியம் என்ன? உலக சுகாதார நிறுவனம் கொசுவழி வைரஸ் நோய்களுக்காக 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்தக் குடும்பத்தைத் தவிர்க்கத்தான் சொல்கிறது.

மருத்துவ நூல்கள் அழுத்திச் சொல்லாத இன்னொரு காரணம் உண்டு, எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. காய்ச்சல் விடும்போது வருகிறது. பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் தானாக இறங்கும், அதையொட்டிய 24 முதல் 48 மணி நேரத்தில்தான் பிளாஸ்மா கசியும். ஆகவே காய்ச்சல் எப்போது விட்டது என்பது வீட்டில் இருப்பவர்களிடம் உள்ள ஒரே கடிகாரம். மெஃபினமிக் அமிலம் போன்றவை பாராசிட்டமாலைவிட நீண்ட நேரம் காய்ச்சலை அமுக்கி வைக்கும். அந்த வலிமையைத்தான் மக்கள் விரும்புகிறார்கள், மருந்துக்கடைக்காரரும் பெயர் வாங்குகிறார். ஆனால் இரண்டாம் நாளே உடம்பு குளிர்ந்திருந்தால், நான்காம் நாள் தானாகக் குளிர்ந்தது யாருக்குத் தெரியும்?

பாராசிட்டமால் இந்த மூன்று காவல்களையும் வழக்கமான அளவில் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. அது முதன்மையாக மூளையில் வேலை செய்கிறது. அதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. அதைச் செரிக்கும் கல்லீரலையும் டெங்கு தாக்குகிறது. தாய்லாந்தில் பெரியவர்களிடம் நடந்து 2019இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பிரிவுக்குப் பாராசிட்டமாலும் மறுபிரிவுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். பாராசிட்டமால் பிரிவில் கல்லீரல் நொதிகள் கூடுதல் பேருக்கு உயர்ந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். அதற்காகப் பாராசிட்டமாலைக் கைவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அளவோடு, தேவைக்கு மட்டும் என்பதற்கு இது போதிய காரணம். 99 டிகிரிக்கெல்லாம் மாத்திரை வேண்டாம். உடம்பு வலியும் காய்ச்சலும் நோயாளியைப் படுத்தும்போது கொடுத்தால் போதும். இரண்டு வேளைக்கு நடுவே ஆறு மணி நேரம். பெரியவருக்கு ஒரு நாளில் 3 கிராமைத் தாண்டக்கூடாது. 650 மி.கி. மாத்திரை நாலு வேளை என்றால் 2600 மி.கி., அதோடு நிறுத்திக்கொள்ளலாம். சளிக்கென்று வாங்கும் கலவை மாத்திரையிலும் பாராசிட்டமால் இருப்பதால் அதை இதோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது. தினமும் மது அருந்துபவர்களும் ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

குழந்தைக்குக் கணக்கு எடையை வைத்து வரும். ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை ஒரு வேளைக்கு. மூன்று வயதுச் சிறுமி, 14 கிலோ என்று ஒரு கற்பனை வீட்டை எடுத்துக்கொள்வோம். அவளுக்கு ஒரு வேளைக்கு 140 முதல் 210 மி.கி. வரை போகலாம். கடையில் இரண்டு விதமான சிரப் இருக்கிறது. ஒன்றில் 5 மி.லி.க்கு 120 மி.கி., மற்றதில் 5 மி.லி.க்கு 250 மி.கி. முதல் பாட்டிலில் 6 மி.லி. கொடுத்தால் 144 மி.கி. ஆகும். இரண்டாவதில் 3 மி.லி. கொடுத்தாலே 150 மி.கி. வந்துவிடும். பாட்டில் மாறியது தெரியாமல் அதே 6 மி.லி. ஊற்றினால் 300 மி.கி. போய்விடும், அவளுடைய எடைக்கு அது வரம்பை மீறியது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இன்னும் அடர்த்தியானது, 1 மி.லி.க்கே 100 மி.கி. அதை ஸ்பூனில் ஊற்றுவது பெரிய தவறு. சமையலறை ஸ்பூனை விட்டுவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் அளப்பதே நல்லது.

அந்தச் சிறுமிக்கு வியாழன் மாலை காய்ச்சல் 103 டிகிரி. வெள்ளி இரவு பத்து மணிக்கு 250 மி.கி. பாட்டிலிலிருந்து 3 மி.லி. கொடுத்தார்கள். பதினொன்றரைக்கு 101. இரவு இரண்டு மணிக்கு மறுபடி 102.5. வீட்டில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த நேரத்தில்தான் நடக்கிறது. பாராசிட்டமால் காய்ச்சலை ஒன்று, இரண்டு டிகிரி இறக்கும். டெங்குவில் அது 98.6க்கு வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதே பிழை. "மருந்து கேட்கலையே, அந்த இன்னொரு சிரப்பைக் கொடுத்துப் பாருங்கம்மா" என்று பாட்டி சொல்வார். கேட்க வேண்டாம். சாதாரண வெப்பநிலைத் தண்ணீரில் துணியை நனைத்து உடம்பு முழுக்கத் துடைக்கலாம், ஐஸ் வேண்டாம். விழித்திருக்கும்போது ஓ.ஆர்.எஸ். கரைசலோ உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரோ இளநீரோ மடக்கு மடக்காகக் கொடுக்கலாம். அவள் எடைக்கு நாள் முழுக்க ஏறக்குறைய 1200 மி.லி. உள்ளே போனால் நல்லது. பீட்ரூட் சாறு, மாதுளை, கோலா மாதிரிச் சிவப்பும் கறுப்புமான பானங்களை இந்த வாரம் தள்ளிவைக்கலாம், வாந்தியில் வருவது பானமா ரத்தமா என்ற சந்தேகமாவது வராது. அடுத்த வேளை மருந்து அதிகாலை நாலு மணிக்கு.

சனிக்கிழமை ரத்தப் பரிசோதனை. தட்டணு 1 லட்சத்து 60 ஆயிரம், ரத்தத்தில் அணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமட்டோகிரிட் 35. என்.எஸ்.1 பரிசோதனை டெங்கு என்றது. ஞாயிறு பிற்பகல் மருந்து கொடுக்காமலே 99 டிகிரி. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் பிள்ளை விளையாடவில்லை, சோர்ந்து படுத்திருக்கிறாள், வயிறு வலிக்கிறது என்கிறாள், காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. அன்றே மருத்துவமனைக்குப் போனார்கள். தட்டணு 70 ஆயிரம், ஹீமட்டோகிரிட் 42. எல்லோர் கண்ணும் தட்டணு மேலேயே இருந்தது, மருத்துவரின் கண் 42இன் மேல் இருந்தது. 35லிருந்து 42 என்றால் ஐந்தில் ஒரு பங்கு உயர்வு. பிளாஸ்மா கசிந்து ரத்தம் கெட்டியாகிறது என்பதற்கு அது அடையாளம். தேவைப்பட்டது தட்டணு அல்ல, அளந்து ஏற்றும் சலைன். வெள்ளிக்கிழமை இரவு பாட்டி சொன்னதைக் கேட்டிருந்தால் சனிக்கிழமையும் உடம்பு குளிர்ந்தே இருந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமையின் 99ஐ யாரும் தனியாகக் கவனித்திருக்க மாட்டார்கள். வாந்தி நிற்காதது, கடும் வயிற்றுவலி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கறுப்பு மலம், கைகால் சில்லிடுதல், நான்கு முதல் ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, அசாதாரணச் சோர்வு அல்லது பதற்றம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் காய்ச்சல் அளவைப் பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்ப வேண்டும்.

"ஒரு ஊசி போட்டால் நாளைக்கு வேலைக்குப் போயிடலாம்" என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த ஊசியில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக்கோ டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டோ இருக்கும். ஸ்டீராய்டு டெங்குவில் பயன் தருவதாக நிறுவப்படவில்லை. தட்டணு குறைந்த உடம்பில் தசையில் குத்தும் ஊசி உள்ளே ரத்தம் கட்டவும் இடம்கொடுக்கும். நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச்சாறு இரண்டும் தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. அவற்றைக் குடிப்பவர்களோடு நான் சண்டை போடமாட்டேன், ஆனால் அவை வாந்தியைக் கிளப்பினால் உடனே நிறுத்த வேண்டும். வாந்தி நீரை இழக்கச் செய்கிறது, எச்சரிக்கை அறிகுறியையும் மறைக்கிறது.

கடைசியாக, விதிக்கு விலக்கான ஒருவர் பல வீடுகளில் இருக்கிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, தினமும் 75 மி.கி. ஆஸ்பிரின் சாப்பிடும் தாத்தா. அவருக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரினைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து, தானாகத் தொடர்வதும் ஆபத்து. ஸ்டென்ட் சமீபத்தில் வைத்ததாக இருந்தால் நிறுத்தியதும் அதில் ரத்தம் உறையலாம். காய்ச்சல் தொடங்கிய அன்றே இதய மருத்துவரைக் கேட்க வேண்டியவர் அவர். மூட்டுவலி தாங்காமல் சிக்குன்குனியா என்று நினைத்து வலிமாத்திரை தேடுகிறவர்களும் டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமாலோடு பொறுத்திருக்க வேண்டும். முதல் நாள்களில் என்.எஸ்.1 இல்லை என்று வந்தால் மட்டும் அது உறுதியாகாது. காய்ச்சல் விட்டு முழுதாக 48 மணி நேரம் கழிந்து, எச்சரிக்கை அறிகுறி எதுவும் இல்லாமல், தட்டணு ஏறத் தொடங்கிய பிறகு, வலி இன்னும் இருந்தால் ஐபுப்ரோஃபன் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.